சிறுகதை: ஐம்பத்து மூன்றாவது வரிசை (அலுவலகக் கணக்கு தெரிந்தவர்கள் படித்துச் சொல்லுங்கள்)

நங்கநல்லூர் மீனா

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் சின்னப் பெண்ணின் கதை. எனக்கு எக்ஸெல் ஓரளவுதான் தெரியும். இப்படி ஒரு தப்பு உண்மையில் நடக்குமா, நடந்தால் இப்படித்தான் வெளியே வருமா என்று கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். முடிவு சரியாக இருக்கிறதா என்று மற்றவர்களும் சொல்லுங்கள்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் அந்த ஏஜென்சி இருந்தது. பெருங்குடியில் உள்ள ஒரு பெரிய கட்டடத்துக்குக் கூட்டிப் பெருக்க ஆள் அனுப்புவதில்தான் அவர்களுக்கு முக்கிய வருமானம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 550 ரூபாய்.

தேன்மொழி பி.காம். முடித்து நேராக அங்கே சேர்ந்தவள். பல்லாவரத்தில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து ஒன்பதரைக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். சம்பள ஷீட்டை எப்படிப் போடுவது என்று வசந்தி அக்கா காட்டிக் கொடுத்திருந்தாள். போன மாத ஷீட்டை அப்படியே காப்பி எடு. மேலே மாதத்தின் பெயரை மாற்று. வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் நாளைத் தட்டு. H53-இல் வரும் கூட்டுத்தொகையை ஒரு தாளில் எழுதி சாரிடம் கொடு. அதை வைத்து அவர் பில் போட்டுவிடுவார். பேங்க் லிஸ்ட் தனி ஃபைல், அதில் வேலை செய்பவர்கள் மட்டும் இருப்பார்கள்.

அந்த மாதம் பேங்க் புது ஃபார்மட் கேட்டது. பழைய ஃபைல் செல்லாது. தேன்மொழி சம்பள ஷீட்டில் ஐந்தாம் வரிசையிலிருந்து ஐம்பத்திரண்டு வரை இழுத்துக் காப்பி செய்து புது ஃபைலில் ஒட்டினாள். நாற்பத்தியெட்டுப் பெயர் வந்தது. அவள் நாள் தட்டியது நாற்பத்தியொரு பேருக்கு.

செல்வி, 11 நாள். யார் இந்தச் செல்வி?

சம்பள ஷீட்டுக்குத் திரும்பினாள். இடது ஓரத்து எண்களை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தாள். 13, 14, அடுத்து 17. கொஞ்சம் கீழே 22-க்கு அடுத்து 24. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது பக்கம் க்ளிக் செய்து, Unhide கொடுத்தாள். ஏழு பேர் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள். 11, 9, 18, 4, 22, 13, 6. கால்குலேட்டரில் போட்டாள். 83 நாள். 45,650 ரூபாய். கீழே கூட்டுத்தொகை மட்டும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மறைத்திருந்தபோதும் 6,02,250, திறந்த பிறகும் 6,02,250.

"அக்கா, இவங்கல்லாம் யாரு?"

வசந்தி எட்டிப் பார்த்தாள். "நின்னுட்டவங்கடி. பி.எஃப். பணம் எடுக்கணும், நம்பர் குடுங்கன்னு ஆறு மாசம் கழிச்சு வருவாங்க. அதான் அழிக்காம மறைச்சு வச்சிருக்கேன்."

"மறைச்சாலும் கூட்டல்ல வருதுக்கா."

வசந்தி பதில் சொல்லவில்லை. கையிலிருந்த டீயை மேசையில் வைத்தாள். "பில்லு அந்த நம்பர்லதான் போகுது" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

சார் அறையில் பில் அச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தேன்மொழி இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

---

வடபழனி சுரேஷ்

அருமை மீனா. நாற்பத்தியெட்டுப் பெயர் வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நிச்சயம் நடக்கும். SUM என்பது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்காது, எல்லையில் இருப்பதை எல்லாம் கூட்டும். தீர்வும் ரொம்பச் சுலபம். கூட்டல் வரிசையில் இதைப் போட்டிருந்தால் கதையே இல்லை:

```
=SUBTOTAL(9,H5:H52)
```

இது மறைந்த வரிசைகளை விட்டுவிடும். நான் ஃபில்டர் போட்டு Alt+= அழுத்தும்போது எக்ஸெல்லே இதைத்தான் போடுகிறது. கதையில் ஒரு வரி சேர்த்தால் படிப்பவர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

---

குரோம்பேட்டை காதர்

மேடம், எனக்கும் இதே பிரச்சினைதான். கடை ஸ்டாக் ஷீட்டில் 60-லிருந்து 85 வரை வரிசைகளைக் காணோம். நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Unhide கொடுத்தேன், வரவில்லை. என்ன செய்வது? கொஞ்சம் அவசரம்.

---

பேரேடு

காதர் பாய், முதலில் உங்களுக்கு. இடது ஓரத்தில் வரிசை எண்கள் நீல நிறத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீலம் என்றால் யாரோ ஃபில்டர் போட்டிருக்கிறார்கள். அதை Unhide எடுக்காது. Data மெனுவில் Clear கொடுங்கள், வந்துவிடும். எண் கறுப்பாக இருந்து, 59-க்கும் 86-க்கும் நடுவில் இரட்டைக்கோடு போலத் தெரிந்தால்தான் கையால் மறைத்தது.

சுரேஷ், நீங்கள் சொன்னதில் பாதி சரி. கதைக்கே அந்த மற்றப் பாதி முக்கியம் என்பதால் சொல்கிறேன். SUBTOTAL-இல் 9 போட்டால் ஃபில்டரால் மறைந்ததை மட்டும்தான் விடும். வலது க்ளிக் செய்து Hide கொடுத்த வரிசையைச் சேர்த்தேதான் கூட்டும். வசந்தி செய்தது இரண்டாவது வகை. ஆகவே உங்கள் ஃபார்முலாவைப் போட்டிருந்தாலும் அதே 6,02,250-தான் வந்திருக்கும். இரண்டு வகையையும் விட வேண்டுமானால் 109 போட வேண்டும்.

மீனா, நான் முப்பது வருடம் கணக்கு எழுதியவன், அதில் பாதிக் காலம் இந்த மாதிரி காண்ட்ராக்ட் பில்கள்தான். நீங்கள் எழுதியது அப்படியே நடக்கும். நுணுக்கமான ஒரு இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கையால் மறைத்த வரிசைகள் நடுவில் இருக்கும்போது இழுத்துக் காப்பி செய்தால் மறைந்தவையும் சேர்ந்தே போகும், ஒட்டிய இடத்தில் எல்லாம் வெளியே தெரியும். ஃபில்டராக இருந்திருந்தால் தெரிந்த நாற்பத்தியொன்று மட்டும்தான் போயிருக்கும். தேன்மொழிக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

ஆனால் கதையில் ஒரு ஓட்டை. இத்தனை மாதம் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று படிப்பவர் கேட்பார். பேங்கில் போன பணமும் ஷீட்டின் கூட்டுத்தொகையும் வேறுபடுமே? அதற்கு உங்கள் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை. ஷீட்டில் இருப்பது மொத்தச் சம்பளம். பேங்கில் போவது பிடித்தம் போக. பி.எஃப்.-க்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.-க்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். இரண்டு தொகையும் எந்த மாதமும் ஒத்துப்போகாது என்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அதனால் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அந்த வித்தியாசத்துக்குள் இந்த 45,650 போய் ஒளிந்துகொள்ளும். இதை இரண்டு வரியில் சேருங்கள்.

---

நிலா

நான் இப்போது இதே மாதிரி ஒரு அலுவலகத்தில்தான் இருக்கிறேன், அதனால் ஒரு சந்தேகம். க்ளையன்ட் அப்படியெல்லாம் விட மாட்டார்களே? எங்கள் பில்லோடு பி.எஃப். செலானும், யார் யாருக்குக் கட்டினோம் என்ற பெயர்ப்பட்டியலும் வைக்காவிட்டால் பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொருவரின் சம்பளமும் இருக்கும். நாற்பத்தியொரு பேரைக் கூட்டினால் 5,56,600 வரும், பில்லில் 6,02,250. அங்கேயே மாட்டியிருக்கும்.

---

பேரேடு

நல்ல கேள்வி நிலா. கூட்டிப் பார்த்தால் மாட்டும். ஆனால் நீங்கள் எந்த மாதத்துச் செலானை எந்த மாதத்துப் பில்லோடு வைக்கிறீர்கள்? பி.எஃப். கட்ட அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரை நேரம் உண்டு. பில் அதற்கு முன்னாலேயே போய்விடும். அதனால் பெரும்பாலான இடங்களில் ஜூலை பில்லோடு ஜூன் செலான்தான் போகும். மாதம் வேறு, நாள் கணக்கு வேறு, இரண்டும் ஒத்துப்போகாததில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. செலான் இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இன்னொன்று. மீனா 45,650-தான் கூடுதல் என்று நிறுத்திவிட்டார். பில்லில் அது அவ்வளவாக நிற்காது. அந்தக் கூட்டுத்தொகை மேல்தான் முதலாளி பங்கு போடுவார்கள். பி.எஃப். பக்கம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். 45,650-க்கு அது சுமார் 7,418. ஆக 53,068. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம் என்று வையுங்கள், 57,313 ஆகிறது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் சுமார் 67,630 ரூபாய். ஒரு மாதத்துக்கு.

இதில் அந்த 7,418-தான் ரொம்ப மோசமான பகுதி. செல்வியின் பெயரில் பி.எஃப். கட்டியதாகச் சொல்லிப் பணம் வாங்கியாகிவிட்டது, செல்வியின் பெயரில் எங்கேயும் கட்டவில்லை. மற்றதைக் கூட்டல் பிழை என்று சொல்லிச் சமாளிக்கலாம். இதை விளக்குவதற்குள் அந்த முதலாளிக்கு வேர்த்துவிடும்.

---

மடிப்பாக்கம் அம்புஜம்

எங்கள் அடுக்ககத்தில் இதற்கு நேர் தலைகீழாக ஒன்று நடந்தது. சொல்கிறேன்.

போன முறை பொருளாளராக இருந்தவர் வருடாந்திரக் கணக்கை ஒரே பக்கத்தில் அச்சடிக்க வேண்டும் என்று, தண்ணீர் லாரிக்குக் கொடுத்த சின்னச் சின்னப் பில்களை எல்லாம் மறைத்துவிட்டார். கோடையில் தினமும் லாரி வரும், இருபது முப்பது வரிசை அதற்கே போய்விடும். கூட்டுத்தொகையில் அவை எல்லாம் இருந்தன, தாளில் இல்லை. பொதுக்குழுவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தாளில் உள்ளதை மட்டும் கால்குலேட்டரில் கூட்டி, செலவில் நாற்பதாயிரத்துக்கு மேல் கணக்கே இல்லை என்று எழுந்து நின்றுவிட்டார். பொருளாளர் நல்ல மனிதர். விளக்கினார், பில்களையும் கொண்டுவந்து காட்டினார். இருந்தாலும் அடுத்த வருடம் அவர் நிற்கவில்லை.

அங்கே கூட்டுத்தொகை சரி, கண்ணில் பட்டதுதான் குறை. பேரேடு ஐயா, அங்கே 109 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

---

பேரேடு

அம்மா, 109 போட்டிருந்தால் பெரியவரின் கணக்கும் தாளும் ஒத்துப்போயிருக்கும், செலவு மட்டும் நாற்பதாயிரம் குறைந்து தப்பாகியிருக்கும். யாரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள். அது இன்னும் ஆபத்து.

அதனால்தான் நான் 109-ஐத் தீர்வாகச் சொல்வதில்லை. மறைப்பது என்பது பார்க்க வசதிக்காகச் செய்வது. யாரோ வசதிக்காக ஒரு வரிசையை மறைத்தால் பில் தொகை மாறும் என்பது சரியான ஏற்பாடே அல்ல. தேன்மொழி ஷீட்டில் 109 போட்டுவிட்டு, வேலையில் இருக்கும் ஒருத்தியின் வரிசையைத் தவறுதலாக மறைத்தால் அவள் சம்பளம் பில்லிலிருந்து போய்விடும்.

நான் செய்வது வேறு. கூட்டலுக்கு SUM-ஐயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு சோதனைக் கட்டம்:

```
=SUM(H5:H52)-SUBTOTAL(109,H5:H52)
```

இது பூஜ்யம் காட்ட வேண்டும். வேறு எது வந்தாலும் மறைந்திருக்கும் இடத்தில் பணம் இருக்கிறது என்று அர்த்தம். தேன்மொழி ஷீட்டில் இது 45,650 என்று காட்டியிருக்கும். அம்மாவின் ஷீட்டில் நாற்பதாயிரத்துச் சொச்சம். எது சரி எது தப்பு என்று அந்தக் கட்டம் சொல்லாது. போய்ப் பார் என்று மட்டும் சொல்லும், அது போதும். நின்றவர்களின் வரிசையை அந்த மாதம் முடிந்ததும் வெட்டித் தனி ஷீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பி.எஃப். நம்பர் கேட்டு வந்தால் அங்கே இருக்கும்.

அடுத்தவர் கொடுத்த ஃபைல் என்றால் File, Info, Check for Issues, Inspect Document என்று போனால் மறைந்த வரிசை எத்தனை என்று அதுவே சொல்லும். பக்கத்தில் Remove All என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், அழித்தே விடும்.

---

குரோம்பேட்டை காதர்

நீலமாகத்தான் இருந்தது சார், வந்துவிட்டது. ரொம்ப நன்றி. கதையை இப்போதுதான் படித்தேன், நன்றாக இருக்கிறது.

---

வடபழனி சுரேஷ்

9-க்கும் 109-க்கும் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது, நன்றி சார். இப்போதே ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான் வருகிறது.

மீனா, இது கற்பனை என்று யாராவது சொன்னால் 2008-ஐச் சொல்லுங்கள். லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அதன் ஒப்பந்தங்களில் எதையெல்லாம் எடுத்துக்கொள்வது என்று பார்க்லேஸ் வங்கி ஒரு எக்ஸெல் பட்டியல் போட்டது. வேண்டாதவை மறைத்த வரிசையில் இருந்தன, அழிக்கப்படவில்லை. வக்கீல் அலுவலகத்தில் ஒரு ஜூனியர் அதை நீதிமன்றத்துக்குத் தருவதற்காக ஒழுங்குபடுத்தினார். பி.டி.எஃப். ஆனபோது மறைந்தவை எல்லாம் வெளியே வந்து, வேண்டாத 179 ஒப்பந்தங்களும் வாங்குவதாகப் போய்விட்டது. அதற்காகத் திரும்ப நீதிமன்றத்தில் மனுப்போட்டார்கள். அங்கேயும் ஜூனியர்தான்!

---

திண்ணை வாசகர்

கணக்கு எனக்குத் தெரியாது, கதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தேன்மொழியும் வசந்தியும் பேசும் இடம் உயிரோடு இருக்கிறது. டீயை மேசையில் வைத்தது எனக்குப் பிடித்தது. ஆனால் கடைசி வரி எனக்கு ஒத்துவரவில்லை. "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்று முதலாளி கேட்ட உடனேயே அவர் திருடர் என்று ஆகிவிடுகிறது. அதுவரை யாரும் கெட்டவர் இல்லாத ஒரு கதை, ஒரே வரியில் சினிமா வில்லன் கதையாகிவிட்டது. அவர் திருடர் என்று உங்களுக்கே தெரியுமா, அல்லது முடிவு வேண்டும் என்பதற்காக அந்த வரியா?

---

நிலா

எனக்கு அந்த வரி உண்மையாகத்தான் பட்டது. தப்பு செய்யாதவரும் முதலில் அதைத்தான் கேட்பார். க்ளையன்டுக்குத் தெரிவதற்கு முன்னால் நாமே சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் கேட்பது. ஆனால் தேன்மொழி நேராக சார் அறைக்குப் போனது நடக்காது. வசந்தி அக்கா பக்கத்தில் இருக்கும்போது அவரைத் தாண்டிப் போனால் அந்த அலுவலகத்தில் இனி ஒரு நாளும் நிம்மதியாக இருக்க முடியாது. "நீங்களே சொல்லுங்கக்கா" என்றுதான் கேட்டிருப்பாள். அக்கா சொல்லவில்லை என்றால்தான் சிக்கலே.

---

பேரேடு

திண்ணை வாசகரின் கேள்விக்கு ஷீட்டே பதில் வைத்திருக்கிறது. மீனா அதை எழுதிவிட்டு, தானே கவனிக்காமல் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அந்த ஏழு எண்களைத் திரும்பப் பாருங்கள். 11, 9, 18, 4, 22, 13, 6. முழு மாதம் யாருமே இல்லை. இவை அவர்கள் நின்ற மாதத்தில் வேலை செய்த நாட்கள். செல்வி மார்ச்சில் 11 நாள் வந்துவிட்டு நின்றிருப்பாள். மார்ச் பில்லில் அந்த 11 நாள் நியாயம். வசந்தி வரிசையை மறைத்தாள். ஏப்ரலுக்கு ஷீட்டைக் காப்பி எடுத்து, தெரிந்த வரிசைகளில் மட்டும் புது நாளைத் தட்டினாள். மறைந்த வரிசையில் பழைய 11 அப்படியே உறைந்துபோய் நின்றது. மே, ஜூன், ஜூலை எல்லாவற்றிலும் அதே 11. மாதம் 6,050 ரூபாய்.

வேண்டுமென்றே செய்பவர் அப்படி விடமாட்டார். ஆள் இல்லாத இடத்தில் ஆள் காட்டுகிறவருக்கு 11 எதற்கு, 26 போடுவார். அல்லது நம்பும்படி 25, 24, 26 என்று மாதாமாதம் மாற்றுவார். ஆகவே தேன்மொழி செய்ய வேண்டியது, பழைய ஷீட்டுகளை எல்லாம் திறந்து அந்த ஏழு பேரின் நாளை மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. ஒருவர் நின்ற பிறகு எண் மாறவே இல்லை என்றால் அது கவனக்குறைவு. மாறியிருந்தால் யாரோ அந்த வரிசைக்குள் போயிருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கவும் அந்தத் தாள்தான் வேண்டும். ஏழு பேரும் ஒரே மாதத்தில் நிற்கவில்லையே, கூடுதல் தொகை மாதத்துக்கு மாதம் வேறு. மாதவாரியாகப் போட்டுத்தான் க்ளையன்டுக்கு க்ரெடிட் நோட் கொடுக்க முடியும். ஜி.எஸ்.டி.-யையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமானால், அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். அதற்கு முந்திய வருடத்துப் பில்லும் இதில் இருந்தால் வரியாகக் கட்டியது கட்டியதுதான், கைநஷ்டம்.

---

நங்கநல்லூர் மீனா

பேரேடு ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த எண்களை நான் ஏதோ தோன்றியபடி எழுதினேன். கடைசிப் பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள். நிலா சொன்னபடி வசந்தி அக்காவையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் தேன்மொழி எழுந்திருக்கவில்லை. பழைய ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு முழுத்தாளில் கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். செல்வி: மார்ச் 11, ஏப்ரல் 11, மே 11. வசந்தி பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயர்களை அவளே வாசிக்க ஆரம்பித்தாள். தேன்மொழி எழுதினாள். ஆறு பேருக்கு எண் நகரவே இல்லை. மிச்சமிருந்த ஒரு பெயர் கலா. அவள் நின்ற மாதம் 22. அடுத்த மாதம் 26. அதற்கடுத்த மாதம் 25. பிறகு மறுபடி 22.

வசந்தி வாசிப்பதை நிறுத்தினாள்.

இப்படி விட்டால் எப்படி? ஆறு பேர் கவனக்குறைவு, ஒருத்தி மட்டும் புதிர்.

---

திண்ணை வாசகர்

இது கதை. பழைய முடிவைத் தூக்கிப் போடுங்கள். முதலாளி உள்ளே வரவே வேண்டாம்.

---

நிலா

எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இப்போது வசந்தி அக்கா மேல் சந்தேகம் வந்துவிட்டதே! அவர்தானே அந்த ஷீட்டைப் போட்டவர். வேண்டாம் மீனா அக்கா, ஏழும் உறைந்தே இருக்கட்டும்.

---

பேரேடு

நிலா, அவசரப்பட்டு வசந்தியைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நான் முன்னால் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்றேன். தெரியாமலும் போகலாம்.

இருபது பேருக்கும் 26 நாள் என்றால் யாரும் இருபது முறை தட்ட மாட்டார்கள். ஒரு கட்டத்தில் 26 போட்டு, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவார்கள். கையால் மறைத்த வரிசை நடுவில் இருந்தால் அதற்குள்ளும் 26 விழும். திரையில் தெரியாது. வேறு ஷீட்டிலிருந்து நாட்களை மொத்தமாகக் காப்பி செய்து ஒட்டினாலும் இதேதான், அங்கே அதைவிட மோசம், கீழே உள்ளவர்களின் நாளெல்லாம் ஆள் மாறிவிடும். ஒவ்வொன்றாகத் தட்டி என்டர் அடித்தால் மட்டும்தான் மறைந்த வரிசையைத் தாண்டிப் போகும்.

ஆகவே கலாவின் வரிசைக்கு நேர் மேலும் நேர் கீழும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த மாதம் மேலே 26, கீழே 26, நடுவில் கலாவுக்கும் 26 என்றால் அது இழுத்ததில் விழுந்தது. மேலே 26, கீழே 23, நடுவில் கலாவுக்கு 25 என்றால் அது இழுத்ததில் விழுந்தது அல்ல.

மீனா, உங்கள் தாளில் இரண்டாவது மாதம் 26, மூன்றாவது மாதம் 25. அந்த 25-க்கு மேலேயும் கீழேயும் என்ன எழுதப்போகிறீர்கள்?

---

நங்கநல்லூர் மீனா

இன்னும் முடிவு செய்யவில்லை ஐயா. வசந்தி வாசிப்பதை நிறுத்திய பிறகு, தேன்மொழி மே மாத ஷீட்டில் கலாவின் வரிசைக்கு மேல் கட்டத்தில் க்ளிக் செய்கிறாள் என்பது வரை எழுதி வைத்திருக்கிறேன்.

---

மடிப்பாக்கம் அம்புஜம்

மேலே 25 என்றே எழுதம்மா. வசந்தி பாவம்.